வாடகைக்கு நானே எழுதிய பில்

ஏரலில் என் பாத்திரக்கடை இருப்பது ஓர் அண்ணாச்சியின் கட்டடத்தில். அவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு கிடையாது. அதனால் எட்டாயிரம் வாடகைக்கு உரிய பதினெட்டு சதவீத வரியை, ஆயிரத்து நானூற்று நாற்பது ரூபாயை, வாடகைக்கு இருக்கிற நான்தான் கட்ட வேண்டும். மாதாமாதம் அவருக்குப் பதிலாக நானே பில் எழுதி, நகலை அவரிடம் கொடுத்துவிட்டு, வரியைப் பணமாகவே கட்டுவேன். அதே மாத ரிட்டர்னில் அதை வரவு எடுத்து, விற்பனைக்கான வரியில் கழித்துக்கொள்வேன். எனக்கு ஒரு பைசா நட்டமில்லை.

“என்னாலதான தம்பி ஒனக்கு இந்தத் தண்டம்?” என்பார்.

“அது திரும்ப வந்துரும் அண்ணாச்சி, எத்தன தடவ சொல்லுதது!” என்று எரிந்து விழுவேன். ஒருநாளும் உட்கார்ந்து விளக்கியதில்லை.

காசில்லை என்று கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர், போன மாதம் ஆற்றுப் படித்துறையில் படி தெரியாமல் விழுந்து இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி ஒரு மஞ்சள் பையை என்னிடம் நீட்டினார்.

“ஒனக்குக் குடுக்கணும்னு அவிய மாசாமாசம் எடுத்து வச்சாவ. நீ கோவப்படுவேன்னு குடுக்கல.”

பைக்குள் நான் எழுதிய பில்கள். ஒவ்வொன்றோடும் ஆயிரத்து நானூற்று நாற்பது ரூபாயை மடித்துக் குண்டூசி குத்தியிருந்தார்.