குறுக்கே பேசாதவள்

சொந்தக்காரர்களிடம் அவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். "அப்புறம் கூப்பிடறோம்" என்பார்கள். கூப்பிட மாட்டார்கள்.

"நாலு வார்த்தை சேர்த்துப் பேசினா வாய் தேஞ்சா போயிடும்?" என்றார் கணவர், அன்று காலையில். கோபமில்லை, அவருக்கும் அலுத்துவிட்டது.

அன்றைய நேர்காணல் ஒரு மருத்துவமனையில். நோயாளிகளின் குறைகளைக் கேட்டுத் தீர்த்துவைக்கும் வேலை. முதலில் வேலை கேட்டு வந்திருந்த எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள்: வெளிநோயாளிகள் காத்துக் கிடப்பதற்கு என்ன செய்வது? மேலாளரும் தலைமை நர்ஸும் சுவரோரம் உட்கார்ந்து தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள்.

டை கட்டிய ஒருவர் ஆரம்பித்தார், நிறுத்தவில்லை. டோக்கன், செயலி, பெரிய திரை என்று வெளுத்து வாங்கினார். மேலாளர் தலையாட்டினார். இதுவும் போச்சு என்று நினைத்தாள் அவள். பக்கத்திலிருந்த பெண் வாயெடுத்தபோதெல்லாம் டைக்காரர் குறுக்கே புகுந்தார்.

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவள் சொன்னாள்: "இவங்க ஏதோ சொல்ல வந்தாங்க. முடிக்கல."

"லேட்டாகும்போது ஏன்னு யாருமே சொல்றதில்ல. கோபமே அதனாலதான்," என்றாள் அந்தப் பெண்.

"அப்ப இது ரெண்டு வேலை. அவர் சொன்னது நேரத்தைக் குறைக்க. இவங்க சொன்னது காத்திருக்கறவங்களுக்கு விவரம் சொல்ல. ரெண்டாவதை நாளைக்கே ஆரம்பிக்கலாம். யார் சொல்றதுன்னு முடிவு பண்ணணும்." அவ்வளவுதான் அவள் பேசியது.

பிறகு ஒவ்வொருவராகத் தனியறைக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் அவளிடம் கேட்டார்: "நீங்க ரொம்பக் கம்மியாப் பேசினீங்களே?"

அவள் யோசித்தாள். "கேட்டு முடிச்சாத்தாங்க எனக்குப் பேச வரும்."

அடுத்தது நர்ஸ். "நான் ஒரு நோயாளியோட மகள்னு வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் பொரிந்து தள்ளினார். அம்மாவைக் காலையிலிருந்து உட்காரவைத்திருக்கிறார்கள், இங்கே மனிதர்களே இல்லையா, எல்லாம் பணம் பிடுங்கத்தானா. அவள் இடைமறிக்கவில்லை. நர்ஸ் ஓய்ந்த பிறகுதான் கேட்டாள்.

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

நர்ஸின் குரல் இறங்கியது. "வலிக்குதுங்கறாங்க. பயமா இருக்கு."

"வாங்க, முதல்ல ஒரு நர்ஸை வந்து அம்மாவைப் பார்க்கச் சொல்லலாம். அப்புறம் ஏன் லேட்டுன்னு நானே கேட்டு வந்து சொல்றேன்."

மேலாளர் எதுவோ எழுதினார். "அப்புறம் கூப்பிடறோம்" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தாள்.

மறுவாரம் கூப்பிட்டது தலைமை நர்ஸ். "மேலாளருக்கு டை கட்டினவரைத்தான் பிடிச்சுது. நாங்க ரெண்டு பேரும் போட்ட மார்க்கைப் பக்கத்துல வச்சுப் பார்த்தோம். டை கட்டினவர், மகளா நான் பேசி முடிக்கறதுக்குள்ளயே மன்னிப்புக் கேட்டுட்டார். எங்கம்மாவைப் பத்திக் கேக்கவே இல்ல. இந்த வேலைக்கு நீங்கதான் சரின்னு முடிவாச்சு. ஆறு மாசம் பார்ப்போம்னு சொல்றார் மேலாளர்."

"சரிங்க. எப்ப வரணும்?"

கணவரிடம் சொன்னாள். அவர் சந்தோஷத்தில் யார் யாருக்கோ போன் போட ஆரம்பித்தார். அவளுக்கும் சந்தோஷம்தான், இத்தனை நாள் அலைந்த அலுப்பில் அதைக் காட்டத்தான் தெம்பில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.