பத்துக்குப் பத்து வந்த பிறகும்

உங்களுக்கு,

மூன்று நாளாக உங்கள் போனை எடுக்காததற்கு ஓவர்டைம் காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் நாலு தரம் எழுதினேன், நாலு தரமும் அழித்தேன். கையால் எழுதினால் அழிக்கச் சோம்பலாக இருக்கும், அதனால் தாள். கூலாயில் உங்கள் வீட்டுத் தபால்பெட்டி துருப்பிடித்துத் திறக்கவே வராது என்று நிச்சயதார்த்தத்தன்று உங்கள் தம்பி சொன்னான். அவனிடம் சொல்லி வையுங்கள்.

‘நீ’ என்றே கூப்பிடலாம் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். பழகிப் பார்த்தேன். குளியலறையில் வருகிறது, போனில் வரமாட்டேன் என்கிறது.

நம் ஜாதகத்தைப் பார்த்த அன்றைக்கு நான் செனாயில் வேலையில் இருந்தேன். ஃபேக்டரிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தால் அம்மாவின் பதினோரு மிஸ்டு கால். என்னவோ ஏதோ என்று கூப்பிட்டேன்.

“தம்பி, பத்துக்குப் பத்துடா.”

“என்னம்மா?”

“பொருத்தம்தான். குளுவாங் ஜோசியர் முப்பது வருஷத்துல இப்படிப் பார்த்தது கொஞ்சம்தானாம். அப்பாகிட்ட குடுக்கட்டா?”

அப்பா போனை வாங்கினார். சாஆ தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி என்னைப் படிக்க வைத்த மனிதர், சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு வராது. கடைசியில் “சாப்டியா?” என்றார். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். எதையும் கணக்காகப் பார்க்காமல் விடமாட்டேன். அன்றைக்கே உட்கார்ந்து நானும் பார்த்தேன். நீங்கள் அஸ்தம், கன்னி ராசி. நான் புனர்பூசம் முதல் பாதம், மிதுனம். உங்கள் நட்சத்திரத்திலிருந்து என்னுடையது வரை எண்ணினால் இருபத்திரண்டு. ஒன்பதால் வகுத்தால் மீதி நாலு, தினப் பொருத்தம் சரி. மாகேந்திரத்துக்கு நாலு, ஏழு, பத்து என்று மூன்று மூன்றாகக் கூடிப் போகும், இருபத்திரண்டு அதிலேயே இருக்கிறது. பதின்மூன்றைத் தாண்டிவிட்டதால் ஸ்திரீ தீர்க்கமும் உண்டு. கணம் இரண்டு பேருக்கும் தேவ கணம். யோனியில் நீங்கள் எருமை, நான் பூனை. (கோபப்படாதீர்கள், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் பகை இல்லை என்பதுதான் முக்கியம்.) உங்கள் ராசிக்கு என் ராசி பத்தாவது. இரண்டுக்கும் புதனே அதிபதி. கன்னிக்கு மிதுனம் வசியம். வேதையும் இல்லை.

கடைசியாக ரஜ்ஜு. வேறு எது இல்லையென்றாலும் பேசிப் பார்க்கலாம், ரஜ்ஜு இல்லையென்றால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இருபத்தேழு நட்சத்திரத்தையும் தலை, கழுத்து, வயிறு, தொடை, பாதம் என்று ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே இடத்தில் விழக்கூடாது. நீங்கள் கழுத்து, நான் வயிறு. வேறு வேறு. செவ்வாய் தோஷம் இரண்டு பேருக்கும் கிடையாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒருவன் நிம்மதியாக இருக்க வேண்டுமா இல்லையா?

போன சனிக்கிழமை முகூர்த்தம் குறிக்க ஐயர் நம் நட்சத்திரம், ராசி, லக்னம் எல்லாம் கேட்டார் என்று அம்மா என் ஜாதக நோட்டை எடுத்துக் கொடுத்தார். “அழகா எழுதிக் குடு, உன் கையெழுத்து நல்லா இருக்கும்.” நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பழைய பள்ளிக்கூட நோட்டு. நான் பிறந்தபோது அதே குளுவாங் ஜோசியர் எழுதியது. புரட்டும்போது உள்ளேயிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. நான் பிறந்த வாரத்துப் பஞ்சாங்க ஏடு. கணித்து முடித்ததும் ஜோசியர் கிழித்துக் கொடுத்ததாம், அப்பா பத்திரமாக வைத்திருக்கிறார்.

என் பிறந்த நாளுக்கு நேரே ‘திருவாதிரை பகல் 11.05 வரை, பிறகு புனர்பூசம்’ என்று இருந்தது. பிறப்புப் பத்திரத்தில் என் நேரம் மதியம் 12.40. சரிதானே என்று மடிக்கப் போனேன். அப்போதுதான் படித்த புத்தி வேலை செய்தது. பஞ்சாங்கம் தமிழ்நாட்டில் போடுவது, இந்திய நேரம். நம் மலேசிய நேரம் அதைவிட இரண்டரை மணி முந்தியது. அப்படியானால் திருவாதிரை முடிந்தது நம் கடிகாரத்தில் 1.35க்கு. நான் பிறந்தது 12.40க்கு.

நான் புனர்பூசமே இல்லை. திருவாதிரை.

மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டு இருபத்தொன்றாகிவிட்டது. தினம் போச்சு, மாகேந்திரம் போச்சு. அதுகூடப் பரவாயில்லை. திருவாதிரை எந்த ரஜ்ஜு என்று பார்த்தேன். கழுத்து.

தலை ரஜ்ஜு ஒன்றானால் ஆணுக்கு ஆகாது, கழுத்து ரஜ்ஜு ஒன்றானால் பெண்ணின் உயிருக்கு ஆகாது என்பார்கள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால், அன்றைக்கு வரை எனக்கே பதில் தெரியாது. ஆனால் நிச்சயத்தன்று உங்கள் கழுத்தில் என் பெரியம்மா சந்தனம் பூசியது ஞாபகம் வந்தது. பூசியது அதிகமாகி வழிந்ததும் நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தீர்கள். நான் தாலி கட்டப்போவதும் அதே கழுத்தில்தான்.

இனி சொல்வதுதான் கஷ்டம். அந்தத் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டேன். ஐயருக்குக் கொடுக்கும் தாளில் ‘புனர்பூசம்’ என்றே அழகாக எழுதினேன். எங்கள் வீட்டில் இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உங்களை விடவும் மனசில்லை, உங்களிடம் மறைக்கவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் கூப்பிட்டீர்கள். மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“எடுடா, அந்தப் பொண்ணுதானே?” என்றார் அம்மா.

“வேலை விஷயம்மா.”

ஞாயிறும் அப்படி, திங்களும் அப்படி. ‘ஓவர்டைம்’ என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். ‘சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்க’ என்று நீங்கள் பதில் போட்டீர்கள். அதைப் படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் குளுவாங் போனேன், வீட்டில் சொல்லவில்லை. ஜோசியர் வீட்டு முன்அறையில் எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்ததும் நோட்டையும் ஏட்டையும் நீட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இரண்டரை மணி வித்தியாசத்தைத் தாளில் போட்டும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி என்ன வேலை?”

“ஃபேக்டரியில குவாலிட்டி இஞ்சினியர், ஐயா.”

“அளந்து பாக்கிற வேலைதானே. இந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்கு, படிங்க.”

ஏட்டின் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

“சூரிய உதயம் 7.08.”

“தமிழ்நாட்டுல ஏழு மணிக்கு மேலயா சூரியன் வருது?”

நான் ஏட்டைத் திருப்பி அந்த வரியை மறுபடி படித்தேன்.

“அங்க ஆறு, ஆறரைக்கெல்லாம் வெளுத்துரும். ஏழைத் தாண்டி உதிக்கிறது நம்ம ஊர்லதான் லா. இது இங்கேயே அச்சடிச்ச பஞ்சாங்கம், நேரத்தை நம்ம நேரத்துக்கு மாத்தித்தான் போட்டிருக்கான். மாத்தினதை நீங்க மறுபடி மாத்தியிருக்கீங்க.” பிறகு நோட்டில் ஒரு வரியில் விரலை வைத்தார். “ஜனன கால குரு தசை இருப்பு பதினாலு வருஷம் பதினோரு மாசம். புனர்பூசம் பிறந்து ஒன்றரை மணி நேரத்துல நீங்க பிறந்தா அவ்வளவுதான் வரும். திருவாதிரையா இருந்தா ராகு தசையில்ல எழுதியிருப்பேன்.”

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. “அலமாக், பாவம் மாப்பிள்ளை, மூஞ்சியப் பாருங்க,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

“பொண்ணுகிட்ட சொன்னீங்களா?” என்றார் ஜோசியர்.

“இல்லீங்க.”

“நல்லதாப் போச்சு,” என்றவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நல்லதாகப் போனதா? அங்கேதான் எனக்கு இடித்தது. ஏட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மோட்டாரை எடுத்தேன். பத்துக்குப் பத்து பத்திரமாகத் திரும்ப வந்துவிட்டது. கொஞ்ச தூரம் போய், செம்பனை நிழலில் நிறுத்தி உட்கார்ந்தேன். பயந்ததற்குக் காரணம் இருந்தது, காரணம் போய்விட்டது. பயம் ஏன் போகவில்லை?

யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. சிக்கல் என்று வந்தபோது நான் உங்களிடம் வரவில்லை. தனியாகவே கணக்குப் போட்டேன், தப்பாகப் போட்டேன், தனியாகவே பயந்தேன். வீட்டில் அப்படியே பழகிவிட்டது. வங்கிக் கடிதம், அப்பாவின் ஆஸ்பத்திரித் தாள், தங்கச்சியின் விண்ணப்பம், எது வந்தாலும் ‘தம்பி பார்த்துக்குவான்’. தம்பிக்கும் புரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவர்கள் முகம் என்ன ஆகும் என்று தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் இப்படியே இருந்துவிடுவேனோ என்பதுதான் என் பயம். பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள், நான் ஒரு தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் பயத்துக்கு ஏட்டில் பத்தி கிடையாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்னும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் பார்க்க உங்கள் கையைப் பிடிக்க வேண்டுமே என்று நடுக்கமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுகிறீர்கள். எங்கள் வீட்டில் அவரவர் தட்டோடு டிவிக்கு முன்னால் போய்விடுவோம். எனக்குப் பேசிக்கொண்டே சாப்பிட வராது. எனக்குப் புரியாத விஷயத்தைப் புரிந்த மாதிரி தலையாட்டுவேன். அப்படி ஆட்டினால் கண்டுபிடித்துவிடுங்கள், கொஞ்சம் வேகமாக ஆட்டுவேன்.

பத்துப் பொருத்தம் வந்ததென்று சரி சொன்னீர்களா, என்னைப் பார்த்துச் சொன்னீர்களா என்று கேட்க ஆசை. கேட்கும் தகுதி இந்த மூன்று நாளில் எனக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். திருவாதிரை என்று கணக்கு வந்தபோது, கல்யாணம் நின்றுபோகுமே, ஊர் சிரிக்குமே என்று நான் நினைக்கவில்லை. இவங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

அந்த ஏட்டை இதோடு வைத்திருக்கிறேன். வலது ஓரத்தில் 7.08ஐச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். நீங்கள் சிரிக்கலாம், உங்கள் தம்பியிடம் மட்டும் காட்டாதீர்கள். அப்பா பத்திரமாக வைத்திருந்தது, இனி நம் வீட்டில் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

தபால்பெட்டியை உடைத்தாவது இது உங்கள் கைக்கு வந்ததும் கூப்பிடுங்கள். கோபமாக இருந்தாலும் கூப்பிடுங்கள். வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும், ஆறு மணிக்கு மேல் என் கையிலேயே இருக்கும். எடுத்ததும் என்ன பேசுவேன் என்று தெரியாது. ஆனால் முதல் மணியிலேயே எடுப்பேன்.