கழற்றி விட்ட எர்த் ஒயர்

மேடையில் கிடார் வாசிப்பவனுக்குச் சனத்தைக் கண்டால் பயம் வராது, ஹம்மைக் கேட்டால்தான் வரும். எல்லாவற்றையும் சொருகி, ஸ்விட்ச் போட்டு, யாரும் எதையும் தொடாமல் நிற்கும்போதே ஸ்பீக்கருக்குள்ளிருந்து "ம்ம்ம்..." என்று ஒரு முனகல் வரும் பாருங்கள், அதற்குப் பெயர்தான் ஹம். அது வந்துவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யார் பேசினாலும் எரிந்து விழுவேன். ஆனால் அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஓர் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில், அந்த முனகல் இல்லாமல் போனதற்காக நான் நடுங்கினேன்.

எங்களுடையது ஒரு சின்ன மெல்லிசைக் குழு. அம்பத்தூரில் இருக்கிறோம். நான் பேஸ் கிடார். என் மனைவி கிடார் வாசித்துக்கொண்டே பாடுவாள். அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், கீபோர்டு. ஒயர், கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், மேடைச் சத்தம் எல்லாம் என் பொறுப்பு. வேறு யார் கை வைத்தாலும் எனக்குப் பிடிக்காது, அதுவும் உண்மை.

அதற்கு முந்தின நிகழ்ச்சி திருமழிசையில். அங்கே என் மனைவி மெதுவான ஒரு பாட்டை ஆரம்பிக்கும்போது அவளுடைய ஆம்ப் கூடவே முனகிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து ஒருத்தன், "இன்னா மாமே, கொசு மருந்து வண்டி வந்துகினு கீது!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் பாடினாள். மச்சானுக்குத்தான் தாங்கவில்லை. அக்காவை ஒருத்தன் கிண்டல் பண்ணிவிட்டான் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான்.

அயனம்பாக்கத்தில் மேடை சன்னதிக்கு நேரெதிரே போட்டிருந்தார்கள். அம்மனைப் பார்த்த மேடை, அதனால் செருப்புப் போட்டுக்கொண்டு ஏறக் கூடாது. காலையில் நல்ல மழை வேறு. இரும்புக் கால்களின் மேல் பலகை, பலகைக்கு மேல் சிவப்புக் கார்பெட், காலை வைத்தால் சொத சொதவென்று தண்ணீர் கசிந்தது. நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடு அதன் மேல்தான் நின்றிருந்தோம். மேடைக்கான கரண்ட் பந்தல்காரர் இழுத்த லைனிலிருந்து வந்தது. மைக் செட் பூந்தமல்லிக்காரர் ஒரு பாயுடையது. எல்லா மைக்கும் வந்து சேரும் மிக்ஸரை அவர் கீழே கோயில் அலுவலக அறை வாசலில் வைத்து, அந்த அறையின் சுவரில் சொருகியிருந்தார்.

நாலு மணி வாக்கில் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தோம். ஒரு சத்தம் இல்லை, மூன்று சத்தம்.

முதலாவது கரகரப்பு. என் மனைவி நகர்ந்தால் வந்தது, நின்றால் போனது. கிடார் ஒயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மடக்கி மடக்கிப் பார்த்தேன். ஜாக்குக்குப் பக்கத்தில் மடக்கும்போது சடசடவென்றது. உள்ளே கம்பி விட்டுப் போயிருக்கிறது. வேறு ஒயர் போட்டேன், அது தீர்ந்தது.

இரண்டாவது ஒரு கிர்ர்ர். அவளைக் கிடாரோடு மெதுவாகச் சுற்றச் சொன்னேன். ஒரு பக்கம் திரும்பினால் ஏறியது, இன்னொரு பக்கம் திரும்பினால் அடங்கியது. அப்படியானால் கம்பி அதிர்வைப் பிடிக்கிற பிக்கப், காற்றிலிருந்தும் எதையோ வாங்குகிறது. மேடையோரம் சீரியல் லைட்டை மங்க வைக்கும் டிம்மர் பெட்டி இருந்தது. அதைத் தூர நகர்த்தச் சொன்னேன். லைட்காரர் முறைத்தார், நானும் முறைத்தேன், பெட்டி நகர்ந்தது.

மூன்றாவதுதான் அந்த "ம்ம்ம்". கிடாரில் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் அது குறையவில்லை. கிடாரைக் கழற்றினாலும் போகவில்லை, மறுபடி சொருகி வைத்தேன். ஆம்ப்பின் பின்னாலிருந்து மிக்ஸருக்குப் போகும் லைன் ஒயரைப் பிடுங்கினேன். பெரிய ஸ்பீக்கர்கள் கப்பென்று அடங்கின. ஆம்ப்புக்கு எர்த் மேடையிலிருந்து, மிக்ஸருக்கு எர்த் அலுவலக அறையிலிருந்து. இரண்டையும் அந்த லைன் ஒயருக்குள் சுற்றியிருக்கும் செம்பு வலை இணைத்துவிடுகிறது. எர்த்தும் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடும், அதற்குள் ஓடுகிற கரண்ட்தான் முனகுகிறது.

இதற்கு மருந்து ஒரு சின்னப் பெட்டி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். லைன் ஒயருக்கு நடுவில் போட்டால் பாட்டைப் போக விடும், வளையத்தை வெட்டும். ஆம்ப்பின் எர்த்தைத் தொடவே வேண்டாம்.

"பெட்டி வேன்ல கீது. எடுத்துகினு வர்றேன். அதுவரிக்கும் ஒருத்தரும் எதையும் நோண்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, பிடுங்கிய லைன் ஒயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். வேனை ஏரிக்கரை ரோட்டில் நிறுத்தியிருந்தோம். பெட்டி மூட்டை முடிச்சுகளுக்கு அடியில் கிடந்தது. தேடி எடுத்து வர நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தபோது பாய் பெரிய ஸ்பீக்கரில் சாமி பாட்டுப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். காது கிழிந்தது. மேடைக்குக் கீழே, கரண்ட் போர்டு பக்கத்தில், என் மச்சான் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, பெட்டியே வாணாம். ப்ளக்கைத் தொறந்து எர்த் ஒயரைக் கயட்டி உட்டு, மறுபடி சொருகிட்டேன். இனிமே ஹம்மு இந்தப் பக்கமே வராது. யூடியூப்ல பாத்தேன்."

என்ன இப்படிச் சொல்கிறான்? ஆம்ப்பின் தகரம் கிடார் ஒயர் வழியாகக் கிடார் கம்பிகளோடு சேர்ந்தே இருக்கிறது. ஆம்ப்புக்குள் ஏதாவது ஒழுகினால் எர்த்தில் இறங்க வேண்டும். எர்த்தைக் கழற்றிவிட்டால் இறங்க வழி, கம்பியைத் தொடுகிற ஆள்தான். ஈரக் கார்பெட்டில் வெறுங்காலோடு நிற்கிற ஆள். உதட்டை மைக்கில் வைக்கப் போகிற ஆள், அந்த மைக்கோ மிக்ஸர் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் மேடை நடுவில் குனிந்து, ஸ்டாண்டிலிருந்த கிடாரின் துணி வாரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"தொடாதே!" என்று கத்தினேன். சாமி பாட்டில் என் குரல் எங்கே கேட்கும்? வார் தோளில் ஏறியது. ஒரு கை கிடாரின் மரத்தில் இருந்தது. மறு கையால் மைக் ஸ்டாண்டின் உயரத்தைச் சரிபார்க்க நீட்டினாள். என் வாய் "ஐயோ ஐயோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மேடை ஏற நேரமில்லை. போர்டிலிருந்து ஆம்ப்பின் ப்ளக்கைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்தது.

ஆம்ப்பின் சிவப்பு விளக்கு அணைந்ததைப் பார்த்து அவள் திரும்பினாள். பாயும் பாட்டை நிறுத்தினார்.

"இன்னாங்க, கரண்ட் போச்சா? எதுக்கு இப்டி பேயறஞ்ச மாரி நிக்கிறீங்க?"

"கிடாரைக் கயட்டி ஸ்டாண்டுல வையி. கம்பியத் தொடாத. கீழ எறங்கி வா."

"அய்ய, இன்னா ஆச்சுன்னு சொல்லுங்களேன்."

"எறங்குடீ!"

பொது இடத்தில் நான் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. கிடாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

பாயிடம் ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தது, ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். எல்லோரையும் மேடையிலிருந்து இறக்கினோம். பாய் ஒரு காய்ந்த பலகையைப் போட்டு, ரப்பர் செருப்போடு அதன் மேல் நின்றார். செருப்பைக் கோயில்காரர்கள்கூடத் தடுக்கவில்லை. ஒரு ஒயர் முனையைக் கிடார் கம்பியில் சுற்றினார், இன்னொன்றை மைக்கின் வலையில் சொருகினார். கையை எடுத்த பிறகு, "போடு" என்றார். நான் ப்ளக்கைச் சொருகினேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

லேசாக மினுக்கும் என்று நினைத்திருந்தேன். முழு வெளிச்சம். வீட்டில் ஸ்விட்ச் போட்டால் எரிகிற அதே வெளிச்சம். அவளுடைய விரலுக்கும் உதட்டுக்கும் நடுவில் எரிய வேண்டியது அது. அந்த இடத்தில் பல்பு இருந்தது, அவ்வளவுதான்.

"யா அல்லாஹ்" என்றார் பாய். நான் ப்ளக்கை இழுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ப்ளக்கைத் திறந்து பார்த்தோம். மச்சான் பச்சை எர்த் ஒயரை அதன் திருகிலிருந்து கழற்றி, வெட்டாமல், டேப் சுற்றாமல், உள்ளேயே மடித்து மூடியிருந்தான். மூடும்போது அதன் செம்பு இழைகள் கரண்ட் வருகிற ஃபேஸ் திருகில் போய் ஒட்டியிருந்தன. எர்த் இல்லாமல் போனது மட்டுமில்லை, எர்த் ஒயர் வழியாகவே முழுக் கரண்ட்டும் ஆம்ப்பின் தகரத்துக்கு ஏறியிருந்தது. ஆம்ப்பை அணைத்தாலும் கம்பியில் இருந்திருக்கும். லைன் ஒயர் சொருகியிருந்தாலாவது மிக்ஸரின் எர்த்தில் பாய்ந்து ஃபியூஸ் போயிருக்கும். அது என் தோளில் இருந்தது.

மச்சான் அந்த இழைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அறைய வேண்டும் என்றுதான் எழுந்தேன். பாய் என் தோளைப் பிடித்து, "உடு தம்பி. அவனே செத்துப் போயி நிக்கிறான்" என்றார்.

பச்சை ஒயரை அதன் இடத்தில் முறுக்கிப் பூட்டினேன். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை லைனில் போட்டேன். கார்பெட்டைச் சுருட்டி எடுத்துவிட்டு ரப்பர் விரிப்புப் போடச் சொன்னேன். மறுபடி பல்பு வைத்துப் பார்த்தோம், எரியவில்லை. மீட்டர் வைத்தோம், ஒன்றும் காட்டவில்லை. ஸ்பீக்கரிலும் முனகல் இல்லை. எல்லாம் சரி. ஆனாலும் அந்தக் கிடாரைத் தொட என் கை போகவில்லை. கண்ணால் பார்த்ததற்கு அப்புறமும் பயம் போகாமல் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

அப்போது மச்சான் மேடையேறினான். "நான் தொட்றேன் மாமா. நான்தான பண்ணேன்." நான் தடுப்பதற்குள் இடது கையால் ஆறு கம்பிகளையும் இறுக்கிப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் மைக்கைப் பிடித்தான். ஒன்றும் ஆகவில்லை. அப்படியே நின்று விசும்ப ஆரம்பித்தான். அந்த விசும்பல் மைக் வழியாக அயனம்பாக்கம் முழுக்கக் கேட்டது.

என் மனைவி ஏறிப் போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்தாள். "போயி மூஞ்சக் கழுவிகினு வாடா" என்றாள். பிறகு என்னிடம் வந்து, "ஊட்ல எங்கம்மா கிட்ட மூச்சு உடாதீங்க. அவனை அப்புறம் புள்ளையாவே நெனைக்க மாட்டாங்க" என்றாள்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் பாட்டு கீபோர்டில்தான் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மச்சான் கட்டைகளைத் தொடப் பயந்து இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். அவளும் திரும்பிப் பார்த்தாள். அவனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, கீபோர்டு இல்லாமலே கம்பியை மீட்டி, முன்னால் சாய்ந்து மைக்கில் வாயை வைத்தாள்.

அன்று அவள் என்னென்ன பாட்டுப் பாடினாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் உதடு மைக்கில் படுவதும் விலகுவதும் மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு தடவை படும்போதும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.