அரைஞாண் இல்லாத கண்ணன்

வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில் கமர்சியல் தெருவை ஒட்டிய சந்தில் ரெமிஜியஸ் போட்டோ ஸ்டூடியோ இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அங்கே பிரிஜெட் வேலைக்குச் சேர்ந்தாள். காக்ஸ் டவுனில் அண்ணன் வீட்டில் இருந்தவள். புருஷன் இறந்தபின், அண்ணிக்குக் கூடமாட ஒத்தாசை செய்தே காலத்தைத் தள்ளிவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை.

முதலில் அச்சான படங்களை அட்டையில் ஒட்டினாள். பிறகு படத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகையால் மறைத்தாள். அவள் கண் வைத்திருந்ததெல்லாம் வடக்கு ஜன்னலடியில் இருந்த சாய்வு மேசை மீது. படம் பதிந்த கண்ணாடித் தகட்டையே திருத்துகிற இடம் அதுதான். கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். தகட்டில் உள்ளதெல்லாம் துலக்கமாகத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த ஆள் சென்னைக்குப் போனதும் ரெமிஜியஸ் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா பிரிஜெட், உட்கார்ந்து பாரு. அச்சுப் படம் கெட்டா இன்னொண்ணு போட்டுக்கலாம். பிளேட்டு கெட்டா கெட்டதுதான். ஒரு கஸ்டமர் குறை சொன்னாலும் பழையபடி அட்டை ஒட்டப் போயிடணும். சரியா?"

"சரிங்க சார்."

படம் பிடிக்கிற ஓஸ்வால்ட் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "பசையைக் காயவிடாதீங்க அக்கா. வேண்டியிருக்கும்" என்றான்.

அவளுக்கு வந்த முதல் தகடு ஒரு குழந்தைப் படம். மல்லேசுவரத்திலிருந்து ஆராவமுதன் என்கிற சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர் தம் பேரனைக் கொண்டுவந்து எடுத்தது. திருப்பதியில் முடி இறக்குவதற்குமுன் கிருஷ்ணன் வேஷம் போட்டு ஒரு படம் வேண்டும் என்றார். தலையில் கொண்டை, கொண்டையில் மயிற்பீலி, கழுத்தில் மாலை, மற்றபடி பிறந்த மேனி. குழந்தை தனியாக உட்காராது. அதனால் அதன் தாய், அவர் மருமகள் ருக்மிணியை நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, உள்ளிருந்தபடியே பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தான் ஓஸ்வால்ட். மாதிரிப் படத்தைப் பார்த்த ஆராவமுதன் ஓரத்தில் சுட்டிக் காட்டினார். கறுப்புத் துணிக்கு வெளியே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"கிருஷ்ணனுக்குப் பக்கத்துல இது யார் விரல்? இதை எடுத்துடுங்கோ. மத்தபடி பேஷ்" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய்விட்டார். மாதிரிப் படமும் அவரோடு போயிற்று. பிரிஜெட்டிடம் வந்து சேர்ந்தது தகடு மட்டும்தான்.

தகட்டில் எல்லாம் எதிர்மறை. வெளுப்பான விரல் அங்கே கறுப்புத் திட்டு. கறுப்புத் துணி வெறும் கண்ணாடிபோல. விரலை எடுக்க அந்தத் திட்டைக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். அழுத்தினால் மருந்துப் படலம் கிழிந்து ஓட்டை விழும். ஈரம் இருந்தாலும் கிழியும். மழை பெய்துகொண்டிருந்ததால் தகடு நன்றாகக் காயும்வரை காத்திருந்தாள். பிறகு கத்தியைப் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூசி தூசியாக வழித்தாள். திட்டு மெல்ல மெல்ல வெளிறி, துணியோடு துணியாகக் கலந்தது.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. குழந்தையின் இடுப்பில் கலங்கலான பட்டை ஒன்று. அதன் நுனி விரல் இருந்த பக்கமாக நாற்காலியை நோக்கி ஓடியது. ஸ்டூடியோவில் குழந்தைகள் விழாமலிருக்க நாற்காலியோடு சேர்த்துக் கட்டுகிற கறுப்பு வார் உண்டு. அந்த வார்தான் அசைந்து கலங்கியிருக்கிறது என்று முடிவுகட்டினாள். விரலை எடுத்துவிட்டு வாரை விடுவதா? தகட்டில் கோடு பிடிப்பதற்காக மெருகெண்ணெய் தடவி, கூராகச் சீவிய பென்சிலால் இழை இழையாகக் கோடிட்டு, வெறிச்சென்றிருந்த பட்டையைச் சுற்றியுள்ள உடம்பின் அடர்த்திக்குக் கொண்டுவந்தாள். அச்சில் பார்த்தபோது விரலும் இல்லை, பட்டையும் இல்லை. "பரவாயில்லையே" என்றார் ரெமிஜியஸ். அவர் அதற்குமேல் யாரையும் புகழ்ந்ததில்லை.

ஆராவமுதன் திரும்பி வந்தார். கூட ருக்மிணியும், அவள் இடுப்பில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தையும். படத்தைக் கையில் வாங்கியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"அரைஞாண் எங்கே?"

ருக்மிணி எட்டிப் பார்த்து, படத்திலிருந்து கண்ணை எடுத்து, குழந்தையின் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கயிறு அங்கே இருந்தது.

"என்னய்யா இது? ஆம்பிளைக் குழந்தையோட அரைஞாணை எடுத்திருக்கேளே. அதை எப்போ அறுப்பான்னு தெரியுமா, தெரியாதா?"

தெரியும். அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். உயிர் போனபின் அறுப்பது அது. பிரிஜெட்டின் அண்ணன் பிள்ளையின் இடுப்பிலும், ஞானஸ்நானம் ஆனவன் என்று பார்க்காமல், அண்ணி ஒன்று கட்டித்தான் வைத்திருந்தாள். தினமும் அவனைக் குளிப்பாட்டுகிறவள் பிரிஜெட்.

"வேற படம் எடுத்துத் தர்றோம் சார். சும்மாவே" என்றார் ரெமிஜியஸ்.

"முடி எங்கே இருக்கு? மொட்டைக் கிருஷ்ணனையா எடுப்பேள்?"

ரெமிஜியஸ் பிரிஜெட்டைத் திரும்பிப் பார்த்தார். ஓஸ்வால்ட் சுவரில் தொங்கிய கறுப்பு வாரைப் பார்த்தான். அன்று தான் வார் கட்டவே இல்லை என்பது அவனுக்கு நினைவுக்கு வந்திருந்தது.

"சார், கயிறு எங்கேயும் போகலை" என்றாள் பிரிஜெட். "அடியிலதான் இருக்குது. வாங்க, காட்டறேன்."

"என்னம்மா காட்டப் போறே?"

"வந்து பாருங்க சார். நான் சொல்றதைவிட நீங்க பார்க்கறது மேல்."

தகட்டை மேசையில் வைத்தாள். பஞ்சில் டர்பன்டைன் நனைத்து, பிழிந்து, குழந்தையின் இடுப்பில் மெதுவாக ஒற்றித் துடைத்தாள். பஞ்சு சாம்பல் நிறமானது. பென்சில் கோடுகள் எண்ணெயோடு சேர்ந்து கழன்று வந்தன. அடியில் அந்தப் பட்டை, முன்போலவே கலங்கலாக, வெளிச்சத்தில் தெரிந்தது. ஆராவமுதன் குனிந்தார். எதிர்மறையில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"வெள்ளையா இருக்கே?"

"அச்சுல கறுப்பா வரும் மாமா" என்றாள் ருக்மிணி, ஓஸ்வால்ட் முன்பு சொன்னதை நினைவு வைத்து.

அங்கேயே அச்சுப் போட்டுக் காட்டினார்கள். ஈரப் படத்தில், பக்கவாட்டில் தொங்கிய முடிச்சு நுனியோடு கயிறு தெரிந்தது. அசைந்ததால் விரல் தடிமனுக்குக் கறுப்பாக, ஆனால் கயிறாக. ஆராவமுதன் நெடுநேரம் பார்த்தார். "இருக்கட்டும். கலங்கினா என்ன, இருந்தாப் போறும்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

வெளியே ஜட்கா வண்டியைக் கூப்பிட அவர் போனதும் ருக்மிணி மட்டும் நின்றாள்.

"அந்த விரல் என்னுதுதான். அதையும் துடைச்சா வந்துடுமா?"

"வராதும்மா. பென்சில் போட்டதைத் துடைக்கலாம். அது கத்தியால சுரண்டினது. போனது போனதுதான்."

ருக்மிணி படத்தில் துணி மடிந்திருந்த ஓரத்தைப் பார்த்தாள். "பரவாயில்லை. நான் பிடிச்சிண்டிருந்தது எனக்குத் தெரியும்" என்று குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள்.

பிரிஜெட் கத்தியையும் பென்சிலையும் பெட்டியில் வைத்து மூடி, மேசையை விட்டு எழுந்தாள்.

"எங்கே போறே?" என்றார் ரெமிஜியஸ்.

"அட்டை ஒட்ட. குறை சொல்லிட்டாங்களே சார்."

ரெமிஜியஸ் உலர்த்தும் சட்டத்திலிருந்து ஒரு தகட்டை எடுத்துத் துணியால் ஓரம் துடைத்தார். ஒரு பாதிரியார் படம். தோளருகே யாருடைய முழங்கையோ நுழைந்திருந்தது.

"சொன்னாங்க. சொல்லிட்டுப் படத்தை வாங்கிட்டும் போனாங்க. சந்தேகம் வந்தா முதல்ல பென்சில், அப்புறம் கத்தி. என்ன, ஏதுன்னு படம் எடுத்தவனைக் கேளு" என்று தகட்டை மேசைமேல் வைத்தார். "உட்காரு. வெளிச்சம் போறதுக்குள்ள இந்த முழங்கையை முடிச்சுடு."