காலை பத்து மணிக்கு அளந்த வேகம்

என்டோலா நகரத்தில் யார் வீட்டில் இணையம் மாற்ற நினைத்தாலும் முதலில் லோம்பேயின் பக்கத்தைப் பார்ப்பார்கள். பகலில் அவர் உயர்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியர். மீதி நேரத்தில் முகநூலில் ஒவ்வொரு நிறுவனத்தின் இணைப்பையும் சோதித்து எழுதுவார். பன்னிரண்டாயிரம் பேர் அதைப் படித்தார்கள். கடைத்தெருவில் நடந்தால், "வாத்தியாரே, எந்த சிம் நல்லது?" என்று யாராவது நிறுத்திக் கேட்பார்கள். அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கும்.

கோபுரத்திலிருந்து காற்றுவழி வரும் வீட்டு இணையத்தைப் புதிதாக ஒரு நிறுவனம் கொண்டுவந்தபோது, விற்பனையாளர் ஒருவர் அவர் வீட்டுக்கே வந்து அதற்கான இணையப் பெட்டி ஒன்றை இலவசமாக வைத்துவிட்டுப் போனார். லோம்பேயின் சன்னலில் இருந்து பார்த்தால் அந்தக் கோபுரம் நேராகத் தெரியும். ஒரு விடுமுறை நாள் காலை பத்து மணிக்குச் சோதித்தார். விளம்பரத்தில் சொன்ன வேகம் அப்படியே வந்தது. திரையைப் படம் எடுத்து, "சொன்னது சொன்னபடி" என்று தலைப்பிட்டுப் போட்டார். பெட்டி சும்மா கிடைத்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பள்ளி வாசலில் ஒரு பெண் அவருக்காகக் காத்திருந்தாள். பெயர் பூபே, சிஃபுபு சந்தையில் கருவாடு விற்பவள். தன் அக்கா சிலெஷேக்குக் காது கேட்காது, வாயும் பேச வராது, அத்தான் ஜேம்ஸும் அப்படித்தான், அவர் தூரத்தில் சொல்வேசி என்ற ஊரில் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார் என்று சொன்னாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இருவரும் வீடியோவில் சைகையில் பேசுவார்கள். லோம்பே எழுதியதைப் படித்துத்தான் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள் சிலெஷே.

"இப்போ அத்தான் கை பாதியிலயே உறைஞ்சு நிக்குது, வாத்தியாரே. அக்கா கை அங்க போய்ச் சேரவே மாட்டேங்குது. உங்க வீட்டுலதான் நல்லா வருதாமே?"

அன்று மாலையே லோம்பே சிலெஷே வீட்டுக்குப் போனார்.

சிலெஷே தையல் இயந்திரத்தை ஒதுக்கி அவருக்கு நாற்காலி போட்டாள். ஏழு மணிக்கு அவர் அளந்தார். கோபுரத்திலிருந்து கீழே வரும் வேகம் விளம்பரத்தில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. மேலே போகும் வேகம், அதாவது அவள் கையசைவை எடுத்துச் செல்வது, கிட்டத்தட்ட இல்லை. பகலில் காலியாக இருந்த கோபுரத்தில் ஊரே இப்போது தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பதிவில் மேலே போகும் வேகத்துக்கு ஒரு வரிகூட இல்லை. மின்சாரம் நின்றால் கோபுரத்தின் மின்கலம் இரண்டு மணி நேரம்தான் தாங்கும், அதன்பின் வீட்டில் மின்கலம் வைத்து இவள் பெட்டியை எரியவிட்டாலும் பயனில்லை என்பதும் பூபே சொல்லித்தான் தெரிந்தது.

"புகார் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

பூபே அக்காவுக்குச் சைகையில் சொன்னாள். சிலெஷே ஒப்பந்தத் தாளை எடுத்து, அதில் இருந்த ஒரே ஒரு தொலைபேசி எண்ணின் மேல் விரலை வைத்தாள். பிறகு தன் காதைத் தொட்டாள்.

லோம்பேயின் முகம் சூடானது. அந்த எண்ணை அவர் ஒருமுறைகூட அழைத்துப் பார்த்ததில்லை. இப்போது அழைத்தார். நாற்பது நிமிடம் பாட்டுதான் கேட்டது. அவர் காதில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பதை சிலெஷே பார்த்துக்கொண்டே இருந்தாள். அவரால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அதன்பின் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் காலை, மதியம், சாயங்காலம் ஏழு மணி என்று அவள் வீட்டிலும் இன்னும் நான்கு வீடுகளிலும் அளந்தார். பிறகு எழுதினார்: எந்த நேரத்தில் எவ்வளவு, மேலே எவ்வளவு போகிறது, எத்தனை முறை அறுந்தது, மாதப் பயன்பாடு எந்த அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கிறார்கள், நடுவில் விலக விடுவார்களா, புகாரை எழுத்தில் வாங்குகிறார்களா. கடைசியில் பெட்டி இலவசம் என்பதையும், பழைய பதிவு தன் தவறு என்பதையும் சேர்த்தார்.

"காசுக்கு எழுதுனவன்" என்று நிறைய பேர் திட்டினார்கள். பள்ளி ஆசிரியர் அறையில் அந்த வரியை யாரோ சத்தமாகப் படித்தபோது அவர் எழுந்து வெளியே போனார். விற்பனையாளர் வந்து லோம்பே வீட்டுப் பெட்டியை எடுத்துப்போய்விட்டார்.

சிலெஷேயின் ஒப்பந்தம் மாறவில்லை. ஆனால் லோம்பே அவள் சன்னலில் வைத்து ஒவ்வொரு சிம்மாகச் சோதித்ததில், விளம்பரமே இல்லாத ஒரு மெதுவான இணைப்பு ஏழு மணிக்கும் கையசைவை முழுதாகக் கொண்டுபோனது. ஜேம்ஸ் திரையில் வந்தார். சிலெஷே நெடுநேரம் கையால் பேசினாள். நடுவில் லோம்பேயைக் காட்டி ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் ஜேம்ஸ் சிரித்தார்.

"என்ன சொன்னாங்க?"

பூபே சற்றுத் தயங்கினாள். "இவர்தான் அந்தப் பதிவை எழுதுன ஆளுன்னு சொன்னா."

லோம்பே எழுந்து செருப்பைத் தேடினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் நிற்கவில்லை.