மர்ஸூக்குக்கு எழுதிய வேலை

பதுளைக் கடைத்தெருவில் துணி அளந்து கொடுக்கும் ஷுக்ரி காக்கா என் பெரியவாப்பாவின் மகன்; எனக்கு அண்ணன் முறை. குடும்பத்தில் கல்யாணம் என்றால் யாருக்கு என்ன வேலை என்று தாளில் எழுதுவது அவர்தான். எழுதி, சோற்றுப் பசை தடவி, சமையல் கொட்டகைக் கதவில் ஒட்டிவிடுவார். பிறகு யாரும் நழுவ முடியாது. நழுவுவதில் தேர்ந்த நானே பலமுறை மாட்டியிருக்கிறேன்.

பன்னீர் தெளிக்க நிஸாம். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுகளைத் தூக்க பாறூக்கும் இப்றாஹீமும். மூக்குவைத்த கெண்டியால் கை கழுவ நீர் ஊற்ற மர்ஸூக்.

அந்த மர்ஸூக்தான் ஊரிலேயே இல்லை.

அவன் காக்காவின் தம்பி. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் கெண்டித் தண்ணீரை மாப்பிள்ளையின் வாப்பா மடியிலேயே கொட்டிவிட்டான். "கெண்டி புடிக்கத் தெரியாதவன் என்ட தம்பியே இல்ல!" என்று காக்கா சபை நடுவே கத்தினார். பதுளைக்கு ரயில் வராத காலம் அது; மறுநாள் மாட்டு வண்டியில் பண்டாரவளைக்குப் போய் ரயில் ஏறியவன், கொழும்பில் கப்பல் வேலைக்குச் சேர்ந்தானாம். ஒரு கடிதமும் இல்லை.

அதன்பின் எழுதிய ஒவ்வொரு தாளிலும் அவன் பெயர் இருக்கும். சஹன் வைத்தபின் காக்காவே ஓடிப்போய்க் கெண்டியைத் தூக்குவார்.

இம்முறை அவருடைய தங்கை ஸவாஹிராவின் கல்யாணம். வாப்பா இல்லாததால், மாப்பிள்ளையோடு முதல் சஹனில் உட்கார வேண்டியவர் அவரே. ஓட முடியாது. அப்படியும் மர்ஸூக் என்றே எழுதினார்.

"காக்கா, மாப்பிள்ள வீட்டாக்கள் கப்பல் வரும்வர கைய நீட்டிட்டு இருக்கணுமா?" என்றேன்.

பாறூக் சிரித்தான். காக்கா சிரிக்கவில்லை. "அவன் வந்தா, தன்ட பேர் இல்லேண்டு நினைக்கக் கூடாதுடா."

பாறூக் போகும்வரை காத்திருந்தேன்.

"காக்கா, அண்டைக்கு அவன் கொட்டல்ல. நான்தான் பின்னால நிண்டு முழங்கைய இடிச்சேன். சும்மா பகிடிக்கு."

பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பரவியது. அறை விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அவன் ஏண்டா சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லையே, காக்கா."

காக்கா மர்ஸூக்கின் பெயரை அடிக்கவில்லை. அதன் கீழே சின்னதாக எழுதினார்: அவன் வரும்வரை ஹாஷிம். அது நான்.

கல்யாணத்தன்று என் பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. முதல் சஹனில் காக்காவின் கைக்கு ஊற்றியபோது, என் தோளுக்கு மேலாகப் பந்தல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கெண்டியை நிமிர்த்திய பிறகும் கையை நீட்டியபடியே இருந்தார்.