ஸ்ட்ரெச்சரில் வரவேண்டியவர்

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் அண்ணன் மலேசியாவுக்குப் புறப்பட்டுவிடுவார். சிவகாசியில் எங்கள் அச்சகம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இருக்கிற நகைக்கடைகள், மளிகைக்கடைகள், கோயில்கள் எல்லாம் எங்களிடம்தான் தினசரிக் காலண்டர் அடிப்பார்கள். ஆர்டர் பிடிப்பது அண்ணன் வேலை. மெஷினைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பயண இன்சூரன்ஸை ஒவ்வொரு தடவையும் நான்தான் எடுப்பேன். இந்தத் தடவையும் விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில் அவருக்கு சர்க்கரை உண்டு என்று எழுதினேன். அதைத் தாண்டி அந்தத் தாளை நான் படித்ததில்லை.

கிள்ளானில் ஒரு கடையில் ஆல்பத்தைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் நாக்குக் குழறி உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். மூளையில் இரத்தக்கசிவு.

பாலிசியில் இருந்த உதவி மையத்தின் எண்ணுக்கு அழைத்தேன். ஒரு கேஸ் நம்பர் கொடுத்தார்கள். இனி எதைச் செய்வதென்றாலும் அவர்கள் ஒப்புதலோடுதான் செய்ய வேண்டும், நாமாக ஏற்பாடு செய்தால் பிறகு சிக்கல் வரும் என்றார்கள். சிவகாசியில் அண்ணன் பார்த்துவந்த டாக்டரிடம் பழைய சிகிச்சை விவரங்களைக் கேட்டார்கள். முன்பே இருந்த நோயால் வந்ததா என்று பார்ப்பார்களாம். டாக்டர் அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். செலவை ஏற்பதாக ஆஸ்பத்திரிக்கு அனுமதி போய்ச் சேர்ந்தது. குடும்பத்தில் ஒருவர் போய் உடனிருக்கவும் பாலிசியில் இடம் இருந்தது. நான் போனேன்.

அண்ணன் வெண்டிலேட்டரில் கிடந்தார். இடது கண் பாதி திறந்திருந்தது. நான் கூப்பிட்டபோது அந்தக் கண் அசைந்ததா, எனக்கு அப்படித் தோன்றியதா என்று இன்றுவரை தெரியாது.

மதினி தினமும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எப்பக் கூட்டிட்டு வருவீக?"

அவர்களுடைய அண்ணன், எனக்கு மச்சான் முறை, தாயில்பட்டியில் பட்டாசு ஆலை வைத்திருப்பவர், இன்னும் வேகமாக இருந்தார். "அங்கன எதுக்குய்யா போட்டு வச்சிருக்கீக? ஒரு பிளேனைப் பேசி மதுரைக்குக் கொண்டாந்துருங்க. நம்ம டாக்டர்மாரு பாத்துக்கிடுவாக."

நாங்கள் நினைத்தால் முடிகிற காரியமாக அது இல்லை. உதவி மையத்தில் ஒரு பெண் டாக்டர் தினமும் கிள்ளான் ஆஸ்பத்திரி டாக்டரோடு பேசினார். தமிழ்க்காரர். அவர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார்: "சார், மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சவரை உடனே பறக்க வைக்க முடியாது. வெண்டிலேட்டர் இல்லாம மூச்சு விடணும். பிரஷர் நிலைக்கணும். வைத்தியம் பார்க்கிற டாக்டர் பறக்கலாம்னு எழுதிக் கொடுக்கணும். அதை ஏர்லைன்ஸோட டாக்டரும் ஏத்துக்கணும். இதுல எது இல்லைன்னாலும் ஏத்த மாட்டாங்க."

தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மெல்ல வெண்டிலேட்டரை எடுத்தார்கள். அண்ணன் தானாக மூச்சு விட்டார். அந்த மூச்சுச் சத்தத்தை போனில் மதினிக்குக் கேட்க வைத்தேன். அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம் மட்டும் வந்தது.

அதன்பிறகு வேலைகள் நடக்க ஆரம்பித்தன. விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை ஆஸ்பத்திரி டாக்டர் நிரப்பினார். ஆக்சிஜன் எவ்வளவு, எத்தனை பேர் உடன் வருகிறார்கள், இறங்கியதும் எந்த ஆஸ்பத்திரி, அங்கே படுக்கை உறுதியா என்று கேள்விகள். மதுரையில் மச்சான் படுக்கைக்குச் சொல்லி, அந்த ஆஸ்பத்திரியின் கடிதத்தை வாங்கி அனுப்பினார். சென்னை விமானத்தில் பின்வரிசை இருக்கைகளை மடக்கி மேலே ஸ்ட்ரெச்சர் மாட்டுவதாக ஏற்பாடு. சென்னையிலிருந்து மதுரைக்கு ஆம்புலன்ஸ். துணைக்கு ஒரு டாக்டரையும் நர்ஸையும் உதவி மையமே சென்னையிலிருந்து அனுப்பியது.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் இளைஞர். பெரிய முதுகுப்பையோடு நேராக வார்டுக்கு வந்து அண்ணனைச் சோதித்தார். குழாயைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், ரிப்போர்ட்டுகளைப் படித்தார். "நாளைக்குக் கிளம்பலாம். எனக்குத் திருப்தியா இருக்கு" என்றார். நான் கீழே போய் அண்ணனுக்கு ஒரு புதுச் சட்டை வாங்கி வந்தேன். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி பெரிய அளவில். மதினி ஊரில் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பாத்திரம், போர்வை எல்லாம் கட்டிவைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை, நர்ஸ்கள் அவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று மூச்சு வாங்கியது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். எங்களோடு வரவிருந்த டாக்டரும் உள்ளே ஓடினார். கண்ணாடி வழியே அவர் முதுகுதான் தெரிந்தது, மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த முதுகு நின்றுவிட்டது.

அவர் வெளியே வந்து சொன்னார்: "நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போயிருக்கணும் சார். எல்லாம் பண்ணிப் பார்த்தோம்." பிறகு, சொல்லத் தயங்கி, "ஸ்ட்ரெச்சரை நான் கேன்சல் பண்ணச் சொல்லிடுறேன். அதை நீங்க சொல்ல வேண்டாம்" என்றார்.

மதினிக்கு மட்டும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எடுத்தவுடனே, "ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டீகளா தம்பி?" என்றார்கள். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. போன் கீழே விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

மத்தியானம் உதவி மையத்து டாக்டர் அழைத்தார். வருத்தம் சொன்னார். பிறகு, பாலிசிப்படி இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றார். உடலை இந்தியாவுக்கு அனுப்பலாம், அல்லது இங்கேயே தகனம் செய்துகொள்ளலாம். மனைவியின் முடிவு எழுத்தில் வேண்டும்.

மச்சான் தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, அங்கனயே முடிச்சு அஸ்தியைக் கொண்டாந்துருவமா? பிள்ளைகள் எம்புட்டு நாளு தாங்கும்?"

மதினி போனை அவரிடமிருந்து வாங்கினார்கள். "உசுரோடதான் வரலை. அவுக வரட்டும். எங்க கையெளுத்துப் போடணும்னு சொல்லுங்க."

வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு படமெடுத்து அனுப்பினார்கள். கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஸ்ட்ரெச்சருக்குச் சேர்த்த தாள்கள் ஒன்றும் இனி உதவாது. எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். உதவி மையம் ஏற்பாடு செய்த ஈமக்காரியக்காரர் தமிழர், ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். என்னைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியின் சான்றிதழ். அதை வைத்துப் பதிவு அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ். பதப்படுத்தியதற்கு ஒரு சான்று, பெட்டியை முத்திரையிட்டதற்கு ஒரு சான்று. பிறகு இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம்.

பதிவு அலுவலகத்தில் அண்ணன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் கவனிக்கவில்லை. ஈமக்காரியக்காரர்தான் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வரிசையில் நின்றார். "இப்படியே போனா தூதரகத்துல திருப்பி அனுப்பிடுவாங்க அண்ணே. அங்க தாண்டினாலும் உங்க ஊர் ஏர்போர்ட்ல பெட்டி நிக்கும்." திருத்தி வாங்குவதற்குள் முதலில் பேசியிருந்த விமானம் தவறிப்போனது.

தூதரகத்தில் பெட்டியை ஊரில் யார் பெற்றுக்கொள்வது என்று கேட்டார்கள். என் பெயரைக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டின் ஓரத்தை வெட்டி, முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். படத்தில் அண்ணன் கொஞ்சம் முறைத்தபடி இருந்தார். போட்டோ எடுக்கும்போது எப்போதும் அப்படித்தான் முறைப்பார்.

பெட்டியை மூடுமுன் என்னை அழைத்தார்கள். புதுச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். முகம் மெழுகு மாதிரி இருந்தாலும் அவர் முகம்தான். ஈமக்காரியக்காரர் சொன்னார்: "மருந்து ஏத்தியிருக்கு அண்ணே. வீட்டுல குளிப்பாட்ட வேணாம். முகத்தைக் காட்டிட்டு எடுத்திடுங்க."

திருச்சிக்கு ஒரே விமானத்தில் நான் மேலே, அவர் கீழே. இறங்கியதும் சரக்குப் பகுதியில் பெட்டி வரும்வரை நின்றிருந்தேன். தாள்களை முந்தின நாளே இணையத்தில் ஏற்றியிருந்ததால், விமான நிலைய சுகாதார அதிகாரி அசலை ஒப்பிட்டுப் பார்த்து அனுமதி கொடுத்துவிட்டார். சுங்கத்திலும் தாமதமில்லை. கடைசியாக, சரக்கு ரசீதில் கையெழுத்துக் கேட்டார்கள். எத்தனையோ காலண்டர் லோடுகளுக்கு நான் பார்த்த அதே மாதிரித் தாள். எடை, பெட்டி எண்ணிக்கை, அனுப்புநர், பெறுநர். சரக்கின் விவரம் என்ற இடத்தில் மனித உடல் என்று இங்கிலீஷில் இருந்தது. பேனாவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் அவசரப்படுத்தவில்லை.

மச்சான் ஆம்புலன்ஸோடு வந்திருந்தார். மதுரை, விருதுநகர் தாண்டி ஆமத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஊரே வெயிலில் நின்றது. வந்ததும் தகராறு. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சிலர், நீர்மாலைத் தண்ணீர் எடுத்துக் குளிப்பாட்டாமல் எப்படி அனுப்புவது என்று சிலர். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "ஏலே, பொட்டிக்குள்ள யாரு இருக்கான்னு பாக்காம எப்பிடிலே கொள்ளி வைக்க?" என்றார்.

மதினி வாசலில் வந்து நின்றார்கள். "திறங்க. தண்ணி ஊத்த வேணாம்."

திறந்தோம். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். கன்னத்தைத் தொட்டார்கள், உடனே கையை எடுத்துவிட்டார்கள். "எம்புட்டுக் குளுந்துபோய் இருக்காக" என்று மட்டும் சொன்னார்கள். நீர்மாலைக்கு எடுத்து வந்த நீரைப் பெட்டியின் நாலு பக்கமும் சுற்றி ஊற்றினோம். கோயம்புத்தூரில் படிக்கிற அண்ணன் மகன் கொள்ளி வைத்தான்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். வெளிநாட்டில் இறந்தவருக்கு உள்ளூரில் இறப்புச் சான்றிதழ் கொடுக்க மாட்டார்கள். மலேசியச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும். மலாய் மொழியில் இருந்த அதைப் பார்த்து பாங்கில் விழித்தார்கள். மொழிபெயர்த்துச் சான்று வாங்கினோம். கணக்கை முடிக்க இன்சூரன்ஸ்காரர்களும் இன்னும் சில தாள்கள் கேட்டார்கள். காலண்டர் சீசன் நடந்துகொண்டிருந்தது. ஆல்பத்தோடு அண்ணன் கடைசியாகப் பிடித்த ஆர்டர்களை அடித்து அனுப்பினோம். இரங்கல் சொன்ன கடைக்காரர்கள் யாரும் ஆர்டரை நிறுத்தவில்லை.

வாரிசுச் சான்றிதழுக்கு மதினியைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். எதிரே இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார், "இறந்த இடம் எதும்மா?"

"அங்கன" என்றார்கள் மதினி. பிறகு அவரையே பார்த்து, "நாங்க இங்கன கொண்டாந்துட்டோம்" என்றார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கிள்ளான் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.